11.38 முதல் 12.40 வரை

பிசான நெல் சாகுபடிக்கு நாற்று பாவுகிற நாட்கள் அவை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, உழவுக்கு டிராக்டர் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. சேரன்மகாதேவியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு, பழையதாக ஒரு பவர் டில்லர் சொந்தமாக வாங்கிப் போட்டால் ஆளுக்கும் வண்டிக்கும் காத்துக் கிடக்க வேண்டாமே என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. அந்த எண்ணம் அவர் கைப்பேசிக்கும் எப்படியோ தெரிந்திருக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை காலையில் 65,000 ரூபாய்க்குப் பவர் டில்லர் என்று ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. விற்பவர் பொள்ளாச்சிப் பக்கம் என்றார்; மகனோடு வெளிநாடு போவதால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதாகச் சொன்னார்; வண்டியின் படங்களையும் ஆதார் அட்டை ஒன்றின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

முன்பணமாக 8,000 ரூபாய் 10.12 மணிக்குப் போனது. லாரி வாடகை என்று 17,500 ரூபாய் 10.40க்குப் போனது. வழியில் சேதமானால் ஈடு கட்டுவதற்கான காப்பீடு, வண்டி வந்து சேர்ந்ததும் திரும்பக் கிடைத்துவிடும் என்று 24,500 ரூபாய் 11.21க்குப் போனது. பிறகு, 'தொகையைத் தவறாகப் போட்டுவிட்டீர்கள், இன்னும் 18,000 சேர்த்து அனுப்பினால்தான் முழுப் பணத்தையும் கணினி திருப்பி விடும்' என்று கேட்டிருக்கிறார்கள். கணக்கில் மேற்கொண்டு பணம் இல்லாததால் சித்தப்பா பாளையங்கோட்டையில் இருந்த என்னை அழைத்தார். என் கைப்பேசியில் அப்போது மணி 11.38.

"எய்யா, அவசரமா ஒரு பதினெட்டாயிரம் ரூவா போட்டுவிடுதியா? சாயங்காலம் வந்திரும்" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் உள்ளூரத் தெரிந்திருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வாயால் சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்பதால் சொல்லாமல் இருந்தார். அதற்குப் பிறகு வந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் சரியாகச் செய்தவற்றையும் தவறாகச் செய்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

அனுப்பிய பணம் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். யூபிஐ வழியாகப் பணம் அனுப்பினால் அது சில நொடிகளில் எதிராளியின் வங்கிக் கணக்கில் வரவாகிவிடுகிறது. வரவான பணத்தை நம் வங்கி தன் விருப்பத்துக்குத் திரும்ப இழுத்துக்கொள்ள வழியில்லை, ஏனென்றால் அது இப்போது வேறொரு வங்கியில், வேறொருவர் பெயரில் இருக்கிறது. அந்த வேறொருவர் பெரும்பாலும் மோசடிக்காரர் அல்லர். கமிஷனுக்கு ஆசைப்பட்டோ ஏமாந்தோ தன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் பிறரிடம் கொடுத்துவைத்த ஒருவர். போலீசார் இதை 'மியூல்' கணக்கு என்கிறார்கள், வாடகைக் கணக்கு என்று நாம் சொல்லலாம். முதல் கணக்கில் விழுந்த பணம் அங்கே நெடுநேரம் தங்குவதில்லை. இரண்டு மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து போகும், அங்கிருந்து மேலும் சிலவற்றுக்குப் போகும், கடைசியில் எங்கோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும், அல்லது கிரிப்டோவாக மாறிவிடும். நோட்டாகிவிட்ட பிறகு கணினிக்கு அதன்மேல் பிடி கிடையாது. ஆகவே அந்த முதல் மணி நேரத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான்: பணம் ஏதாவதொரு கணக்கில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கணக்கில் அதை நிறுத்திவைக்கச் செய்வது.

அதைச் செய்யும் அதிகாரம் நமக்கும் இல்லை, நம் வங்கிக் கிளைக்கும் இல்லை. அதற்கென்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் 2021இல் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அதன் வாசல்தான் 1930 என்ற தொலைபேசி எண். தமிழ்நாட்டில் அழைத்தால் மாநிலக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவினர் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் நாம் சொல்லும் விவரங்களைக் கணினியில் பதிந்தவுடன் அந்தத் தகவல் வங்கிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. நம் பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கி, பணம் இன்னும் இருந்தால் அந்த அளவுக்கு நிறுத்திவைக்கிறது. இல்லாவிட்டால் அடுத்து எங்கே போனது என்று குறிப்பிட்டு அந்த அடுத்த வங்கிக்குத் தகவலைத் தள்ளுகிறது. பணம் ஓடிய தடத்திலேயே புகாரும் ஓடுகிறது. எது முந்துகிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் முதல் தவறு 11.40க்கு நடந்தது. நான் 'வைங்க, ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுதேன்' என்று சொல்லி வைத்தேன். 1930 தானா, பழைய எண்ணா என்று சரிபார்த்துக்கொள்ள நினைத்தேன் (தொடக்கத்தில் 155260 என்று வேறோர் எண் இருந்தது, பிறகு 1930 ஆயிற்று). அந்த இரண்டு நிமிடத்தில் சித்தப்பா அந்த ஆளையே அழைத்து, 'நீ ஏமாத்துக்காரன்னு எம் பேரன் சொல்லுதான்' என்று சண்டைக்குப் போய்விட்டார். பேரன் நான் இல்லை, மகன் முறைதான். ஆத்திரத்தில் உறவும் மாறிவிட்டது. அந்த ஆள் கோபப்படவே இல்லையாம். 'ஐயா, நீங்க பெரியவங்க, பணத்த இப்பவே திருப்பி அனுப்புதேன், லைன்லயே இருங்க' என்று சொல்லி ஏழு நிமிடம் பேச்சில் இழுத்துவைத்திருக்கிறார். நான் அழைக்க அழைக்க இணைப்பு கிடைக்கவில்லை. இப்போது நினைத்தால் தெளிவாகத் தெரிகிறது: சந்தேகம் வந்துவிட்டது என்று அவர்களுக்கு நாமே அறிவித்தோம், பணத்தை நகர்த்த ஏழு நிமிடமும் கொடுத்தோம். திட்ட வேண்டுமென்றால் மறுநாள் திட்டலாம். அந்த நேரத்தில் அவர்களுக்கு எதுவும் தெரியக்கூடாது; மறுபடி அவர்களே அழைத்தால் 'பணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு வைத்துவிடுவது நல்லது.

11.48க்கு ஒருவழியாகச் சித்தப்பா கிடைத்தார். கைப்பேசியில் அவர்கள் அனுப்பிய எதையாவது திறந்து பதிவிறக்கம் செய்தாரா என்று கேட்டேன். 'லாரி ரசீது' என்று ஒரு கோப்பு வந்திருந்தது, பெயரின் முடிவில் .apk என்றிருந்தது, கண்ணாடி கையில் இல்லாததால் திறக்கவில்லை என்றார். கண்ணாடிக்கு நன்றி. அதைத் திறந்து நிறுவியிருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட செயலிகள் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைத் திருடி, அனுப்பாத பணத்தையும் எடுத்துவிடும். அந்த நிலையில் கைப்பேசியை உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொருவர் கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கின் இணைய வசதியையும் யூபிஐயையும் முடக்கச் சொல்வதுதான் முதல் வேலை, 1930கூட அதற்கு அடுத்தபடிதான். திரையைப் பகிரும் செயலி எதையாவது நிறுவச் சொல்லி, நிறுவியிருந்தாலும் இதே கதைதான். எங்கள் வழக்கில் சித்தப்பா தாமே பின் எண்ணை அழுத்தி அனுப்பியதோடு நின்றது. போன பணம் போனதுதான், மேற்கொண்டு போக வழியில்லை.

அடுத்தது எண்கள். 1930இல் பேசுபவருக்கு நம் சோகக்கதை தேவையில்லை; அவர் கணினியில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இருக்கின்றன. யார் கணக்கிலிருந்து, எந்த வங்கி, கணக்கு எண், எவ்வளவு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த யூபிஐ முகவரிக்கு அல்லது கணக்குக்கு, மோசடிக்காரரின் கைப்பேசி எண். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய 12 இலக்க எண். பணம் ஓடிய தடத்தை வங்கிகள் பிடிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், நாங்களும் தடுமாறினோம். போன்பேயில் ஒரு பரிமாற்றத்தைத் திறந்தால் `T` என்ற எழுத்தில் தொடங்கும் நீளமான எண் ஒன்று பெரிதாகத் தெரியும். அது அந்தச் செயலியின் சொந்தக் கணக்குக்கான எண். நமக்கு வேண்டியது அதற்குக் கீழே `UTR` என்று சிறிதாக இருக்கும் 12 இலக்கம். கூகுள் பேயிலும் இரண்டு எண்கள் இருக்கும். `UPI transaction ID` என்று இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும், `Google transaction ID` என்பதை அல்ல. செயலியில் கண்டுபிடிக்க முடியாவிட்டால், பணம் பற்று ஆனதற்கு வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் அதே 12 இலக்கம் பெரும்பாலும் இருக்கும்.

கண்ணாடியைத் தேடி எடுத்து வரச் சொல்லி, ஒரு காகிதத்தில் மூன்று பரிமாற்றங்களையும் வரிசையாக எழுதச் சொன்னேன். எழுதும்போதுதான் சிக்கல் வெளிப்பட்டது. முதல் இரண்டும் சித்தப்பாவின் கணக்கிலிருந்து போயிருந்தன. மூன்றாவதாகப் போன 24,500 சித்தியின் கணக்கிலிருந்து போயிருந்தது. சித்தியின் சேமிப்புக் கணக்குக்குச் சித்தப்பாவின் கைப்பேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள், அதனால் அவர் கைப்பேசியில் அந்தக் கணக்கும் இணைந்திருந்தது. நம் ஊர்ப்பக்கம் இது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். சித்திக்கு இது எதுவும் தெரியாது.

"அவளுக்குத் தெரியாண்டாம், எய்யா. முதல் ரெண்ட மட்டும் சொல்லுவோம். அந்த ஆளு பேசுனதையெல்லாம் அழிச்சிட்டேன்" என்றார்.

உண்மையாகவே வாட்ஸ்அப் உரையாடலை அழித்திருந்தார். வெட்கம் மனிதனை அப்படிச் செய்ய வைக்கிறது. முதல் மணி நேரத்தின் இன்னொரு பகைவன் அது. நல்ல வேளையாக அழைப்புப் பட்டியலில் எண் இருந்தது, பரிமாற்ற விவரங்கள் செயலியிலும் வங்கியிலும் இருந்தன, விளம்பரத்தின் படமொன்றும் கைப்பேசியின் படத்தொகுப்பில் தங்கியிருந்தது. ஆனால் ஆதார் அட்டையின் படமும் குரல்பதிவுகளும் போய்விட்டன. பணத்தை நிறுத்துவதற்கு அவை தேவைப்படவில்லை, பின்னால் வழக்குக்குத் தேவைப்பட்டன. எதையும் அழிக்காமல், முடிந்தால் ஒவ்வொரு திரையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணைத் தடை செய்வதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதே சரி.

சித்தியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் அறம் மட்டும் இல்லை. மூன்றாவது பரிமாற்றம் மற்ற இரண்டைவிடப் பிந்தியது. அந்தப் பணம் இன்னும் எங்காவது உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதுதான் பெரிய தொகையும்கூட. கணக்கு யாருடையதோ அவர் பெயரிலும் விவரத்திலும்தான் புகார் இருக்க வேண்டும். சித்தி அடுப்படியிலிருந்து வந்தார், கேட்டார், எதுவும் சொல்லாமல் பாஸ்புக்கை எடுத்துவந்து கொடுத்தார். திட்டு எல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான் நடந்தது.

11.52க்கு 1930ஐ அழைத்தோம். நான் பாளையங்கோட்டையில், அவர்கள் சேரன்மகாதேவியில். சித்தப்பாவின் கைப்பேசியிலிருந்து அழைத்து என்னையும் அந்த அழைப்பில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு முறை இணைப்புக் கிடைக்கவில்லை, மூன்றாம் முறை எடுத்தார்கள். இணைப்புக் கிடைக்காமல் போவது வழக்கமாக நடப்பதுதான். அப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஒருவர் அழைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் cybercrime.gov.in என்ற தளத்தில் நிதி மோசடிக்கான பிரிவில் அதே விவரங்களை நிரப்பத் தொடங்கலாம். இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு வாசல்கள். நான் அலுவலகக் கணினியில் தளத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

எடுத்தவர் ஒரு பெண் காவலர். முதலில் கேட்டது, பணம் எப்போது போனது என்பதுதான். நான் வரிசையாக 10.12 முதல் சொல்ல வாயெடுத்தேன், அவர் இடைமறித்துக் கடைசியாகப் போனது எது என்று கேட்டார். அவருக்குத் தொழில் தெரிந்திருந்தது. சித்தப்பா முதலில் `T` எண்ணையே படித்தார், அதை ஒதுக்கிவிட்டு 12 இலக்கத்தைப் படிக்க வைத்தோம். ஒரே மூச்சில் படித்ததில் ஒரு இலக்கம் விட்டுப்போய் 11தான் வந்தது. பிறகு மூன்று மூன்றாகப் பிரித்து நான்கு தடவையில் படித்தார், அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். இந்த ஒரு சிறிய ஒழுங்குக்காக நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். ஒரு இலக்கம் மாறினால் வங்கியின் கணினியில் அப்படியொரு பரிமாற்றமே இல்லை என்று வரும், அதைச் சரிசெய்வதற்குள் பணம் மூன்றாம் கணக்குக்குப் போயிருக்கும். பணம் பெற்ற யூபிஐ முகவரிகளைப் பார்த்தபோது முதல் இரண்டும் ஒரே முகவரிக்கும், மூன்றாவது வேறொரு முகவரிக்கும் போயிருந்தன. முகவரிக்கு ஒன்றாக இரண்டு பெயர்கள். இரண்டும் 'பொள்ளாச்சி'க்காரரின் பெயர் இல்லை.

12.06க்குப் பேச்சு முடிந்தது. ஒப்புகை எண்ணோடு குறுஞ்செய்தி வந்தது. இதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தொலைபேசியில் பதிந்தது அவசர நடவடிக்கைக்கான பதிவு. 24 மணி நேரத்துக்குள் அந்த ஒப்புகை எண்ணை வைத்து cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் ஆவணங்களோடு நிறைவு செய்ய வேண்டும். நாங்கள் அன்றைக்கே செய்தோம். இன்னொன்று: 1930இல் பேசுபவர் பின் எண்ணையோ ஓடிபியையோ அட்டையின் பின்பக்க எண்ணையோ கேட்க மாட்டார். கேட்டால் நீங்கள் அழைத்த இடம் தவறு.

இடம் தவறுவது எளிது என்பதால் சொல்கிறேன். பதற்றத்தில் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடினால், முதலில் வருவது மோசடிக்காரர்கள் போட்டு வைத்த எண்ணாகவே இருக்கலாம். ஏற்கனவே ஏமாந்தவர் அங்கே அழைத்து இரண்டாம் முறை ஏமாறுவதும் உண்டு. வங்கியின் எண்ணை ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ வங்கியின் சொந்தச் செயலியிலிருந்தோதான் எடுக்க வேண்டும். 12.10 முதல் 12.30 வரை நாங்கள் இரண்டு வங்கிகளையும் அந்த வழியில் பிடித்து, மோசடிப் பரிமாற்றம் என்று புகார் பதிந்து, இரண்டுக்கும் தனித்தனியே புகார் எண் வாங்கினோம். யூபிஐ செயலியிலேயே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கீழே புகார் செய்யும் வசதி உண்டு, அதிலும் பதிந்தோம். அங்கே 'தவறான நபருக்கு அனுப்பிவிட்டேன்' என்ற தெரிவையும் காட்டுவார்கள், அது ஓர் இலக்கம் மாறி வேறு யாருக்கோ போன பணத்துக்கானது; அப்படிப் போனால் பெற்றவரின் சம்மதத்தைக் கேட்டுப் பெறுவதுதான் நடைமுறை. ஏமாற்றி வாங்கியவனிடம் சம்மதம் கேட்டு என்ன பயன்? மோசடி என்றே தெளிவாகப் பதிய வேண்டும்.

ஒரு வங்கியில் பேசியவர், 'நீங்களேதான் பின் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்றார். கேட்கக் கசப்பாக இருந்தாலும் அதில் ஒரு பாதி உண்மை. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடக்கும் மின்னணுப் பரிமாற்றங்களுக்கு அவருடைய பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ குறையில்லாமல் வேறெங்கோ நடந்த கசிவாக இருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்துவிட்டால் இழப்பு அவருக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் இதை மட்டும் பார்த்துவிட்டு, மூன்று நாளைக்குள் சொன்னால் பணம் வந்துவிடும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தே அனுப்பினாலும் தாமே அனுப்பிய பணம் அந்த வகையில் சேராது. நம் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகும் ஏதேனும் போனால்தான் அது வங்கியின் பொறுப்பு. வங்கியிடம் உடனே தெரிவித்துப் புகார் எண்ணையும் நேரத்தையும் வாங்கி வைப்பதற்கு அந்தக் கடைசி வரி போதுமான காரணம். எனவே 'ஒன்றும் செய்ய முடியாது' என்பவரிடம் வாதாடாமல், 'செய்ய வேண்டாம், பதிந்துகொள்ளுங்கள், எண்ணைக் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டேன். கொடுத்தார்.

12.30க்குப் பிறகு, பைக்கை எடுத்துக்கொண்டு நேரே சைபர் காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று தோன்றியது. நான் இருக்கும் பாளையங்கோட்டை மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லை, சேரன்மகாதேவி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லை. நான் பக்கத்தில் இருக்கும் நிலையத்துக்கு ஓடியிருந்தால் முகவரி கேட்டு அங்கே இங்கே என்று அரை நாள் போயிருக்கும். முதல் மணி நேரத்தில் நிலையத்துக்கு ஓடுவதில் பயனில்லை என்பதே என் கருத்து. அங்கே இருப்பவரும் அதே கணினி ஏற்பாட்டில்தான் பதிய வேண்டும், நாம் வழியில் இருக்கும் அரை மணி நேரம் வீண். மறுநாள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குச் சித்தப்பாவும் சித்தியுமாகப் போனார்கள், ஒப்புகை எண்ணையும் கணக்கு அறிக்கைகளையும் கொடுத்தார்கள். 12.40க்கு நான் தேநீர் குடிக்கப் போனேன்.

மறுநாள் நிலையத்தில் தெரியவந்தது இது. காலையில் போன 25,500 முதல் கணக்கிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பிரிந்து, வேறு மாநிலத்தில் ஏடிஎம் வழியாக எடுக்கப்பட்டுவிட்டது. நாங்கள் 1930ஐ அழைப்பதற்கு முன்பே அது நோட்டாகிவிட்டது, 11.38க்குச் சித்தப்பா என்னை அழைத்த நொடியிலேயே நான் அழைத்திருந்தாலும் அது கிடைத்திருக்காது. 24,500இல் 5,500 மட்டும் அடுத்த கணக்குக்கு நகர்ந்திருந்தது. மிச்சம் 19,000 வந்த கணக்கிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அந்த 5,500 எப்போது நகர்ந்தது என்று கேட்டேன். 11.46 என்றார்கள். சித்தப்பா அந்த ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

நிறுத்திவைத்தது என்றால் திரும்பி வந்தது என்று பொருளில்லை. அந்தப் பணம் இன்னும் அந்த அந்நியக் கணக்கில்தான் இருக்கும், யாரும் எடுக்க முடியாது, அவ்வளவுதான். சித்தியின் வழக்கில் அதைத் திரும்பப் பெற நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின்படி மனுப் போட வேண்டியிருந்தது. காவல் நிலையத்தின் அறிக்கை, வங்கி அறிக்கை, ஆதார் நகல் எல்லாம் சேர்ந்தன. பணம் யாருடைய கணக்கிலிருந்து போனதோ அவர்தான் மனுதாரர், ஆகவே சித்தி பெயரில் மனு. அன்றைக்கு அவர் பெயரை மறைத்துப் புகார் கொடுத்திருந்தால் இந்த 19,000க்கு உரிமை கேட்க ஆளே இருந்திருக்காது.

இடையில், புகார் கொடுத்துப் பதினைந்து நாள் கழித்து, 'சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் 50,000 முழுவதும் வந்திருக்கிறது, விடுவிக்க 2,500 ரூபாய் கட்டணம்' என்று ஓர் அழைப்பு வந்தது. தொகையைச் சரியாகச் சொன்னார்கள். அது ஏமாற்றியவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? சித்தப்பா இந்த முறை ஒரு வார்த்தையும் பேசவில்லை. கைப்பேசியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார்.

நீதிமன்ற உத்தரவின் நகலை எடுத்துப்போய் வங்கியில் கொடுத்து, மாசி மாதத்தில் 19,000 சித்தியின் கணக்குக்கு வந்தது. அந்தக் கணக்குக்கு இப்போது சித்தியின் கைப்பேசி எண்தான் இருக்கிறது. பிசான உழவுக்கு அந்த வருடமும் வீரவநல்லூரிலிருந்து மணி வாடகைக்குத்தான் டிராக்டர் வந்தது, வாடகையைச் சித்தப்பா ரொக்கமாகக் கொடுத்தார்.